பியாஜே அத்தியாயத்தை ஆசிரிய பயிலுநருக்கான தமிழ்க் குறிப்பாக்குதல்: முழுமையான வழிகாட்டி

கல்வி உளவியல் நூலில், உளவியலாளர் பியாஜே சொன்ன அறிகை விருத்திப் பருவங்கள் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் முப்பது, நாற்பது பக்கம் வரும். அதை நாலைந்து பக்கத் தமிழ்க் குறிப்பாக்கித் தருமாறு பிரிவில் யாரிடமாவது ஒப்படைப்பார்கள். திருகோணமலையில் ஆசிரிய பயிலுநர்கள் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் இப்படியான குறிப்புகளைத் தொடர்ந்து பார்த்துத் திருத்தி வருகிறேன். பெரும்பாலானவற்றில் பருவத்தின் பெயர் சரியாக இருக்கும், வயதும் சரியாக இருக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டுத் தரம் 2 வகுப்புக்குள் போகிறவருக்கு எந்தப் பிள்ளையைப் பார்த்து என்ன கேட்பது என்று தெரியாது. அந்தக் குறை வராமல் எழுதும் ஒழுங்கைத்தான் கீழே தருகிறேன்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அத்தியாயத்தின் போட்டோப் பிரதி ஒன்று வேண்டும். நூலிலேயே கோடு போட்டால் இரண்டாம் முறை வாசிக்கும்போது முதல் முறை போட்ட கோடுகளே கண்ணில் படும், விடுபட்டவை படாது. இரண்டு நிறப் பென்சில், உங்கள் பாடத்திட்டத்தில் இந்த அலகுக்கு உரிய பக்கம், விரிவுரையாளர் தந்த தமிழ்க் கையேடு இருந்தால் அதுவும்.

இவற்றோடு, வாசிக்கப்போகிறவர் எந்தத் தரத்துக்குக் கற்பிக்கப் போகிறவர் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக்கல்விப் பயிலுநருக்கும் இடைநிலை விஞ்ஞானப் பயிலுநருக்கும் ஒரே அத்தியாயத்திலிருந்து வெவ்வேறு குறிப்புகள்தான் வர வேண்டும். இங்கே ஆரம்பக்கல்விப் பயிலுநரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கடைசியாக, ஒரே அளவிலான இரண்டு கிளாஸ், ஒடுங்கிய உயரமான போத்தல் ஒன்று, கொஞ்சம் தண்ணீர். குறிப்பு எழுத இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஏழாம் படியில் தேவைப்படும்.

## 2. முதல் வாசிப்பு: பேனாவைத் தொடாமல்

முதல் முறை வாசிக்கும்போது எதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு பருவத்துக்கும் நூல் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஜீன் பியாஜே சொன்ன பருவங்கள் நான்கு. பிறப்பிலிருந்து சுமார் 2 வயது வரை புலனியக்கப் பருவம், 2 முதல் 7 வரை முன்செயற்பாட்டுப் பருவம், 7 முதல் 11 அல்லது 12 வரை தூல செயற்பாட்டுப் பருவம், அதன்பின் நியம செயற்பாட்டுப் பருவம். நூல்கள் பிறப்பிலிருந்து தொடங்குவதால் முதல் பருவத்தை விரிவாக எழுதும், அதற்குள் இருக்கும் ஆறு உபபருவங்களையும் மாதக்கணக்கோடு தரும். எழுதுகிறவரும் உற்சாகமாகத் தொடங்கி முதல் இரண்டு பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுவார். தூல செயற்பாட்டுக்கு வரும்போது நேரமும் இல்லை, இடமும் இல்லை. எட்டு வரியில் முடித்துவிடுவார்.

நம் பாடசாலைகளில் தரம் 1 பிள்ளைக்கு வயது ஐந்து தாண்டியிருக்கும், தரம் 5 பிள்ளைக்கு ஒன்பது, பத்து. அதாவது ஆரம்பப் பிரிவு முழுவதும் இரண்டாம் பருவத்தின் பின்பாதியிலும் மூன்றாம் பருவத்திலும்தான் கிடக்கிறது. ஆகவே எழுதத் தொடங்குமுன்னே பக்கத்தைப் பங்கிடுங்கள். நாலு பக்கம் என்றால் முதல் பருவத்துக்கு அரைப் பக்கம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒன்றரை ஒன்றரை, நான்காவதற்கு அரை. இந்தப் பங்கீட்டை வெறுந்தாளின் மேல் மூலையில் எழுதி வைத்தால்தான் கை அடங்கும்.

## 3. சொற்பட்டியலை முதலில் பூட்டுதல்

ஒரே கருத்துக்குத் தமிழில் இரண்டு மூன்று சொல் புழங்குகிறது. தமிழ்நாட்டு நூலில் ஒன்று இருக்கும், இங்குள்ள கையேட்டில் வேறொன்று இருக்கும். எதை எடுத்தாலும் பரவாயில்லை, நடுவில் மாற்றக் கூடாது. முதல் பக்கத்தில் ‘மாறாமை’ என்றும் மூன்றாம் பக்கத்தில் ‘காப்பு’ என்றும் எழுதினால் வாசிக்கிறவர் அவற்றை இரண்டு எண்ணக்கருக்கள் என்றே எடுத்துக்கொள்வார்.

பரீட்சைத் தாளில் வரும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நேரே ஒரு வரி விளக்கம். பத்துச் சொல்லுக்கு மேல் தேவைப்படாது.

‘செயற்பாடு’ என்பதற்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். இங்கே அது மனதுக்குள் செய்து, மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கக்கூடிய காரியத்தைக் குறிக்கிறது. கூட்டியதைக் கழித்துப் பார்ப்பது, ஊற்றியதைத் திரும்ப ஊற்றுவதாக நினைத்துப் பார்ப்பது போல. இதை எழுதாவிட்டால் முன்செயற்பாட்டுப் பருவம் என்பதை, பிள்ளை இன்னும் செயற்பாடுகளில் ஈடுபடாத காலம் என்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பள்ளியில் ஒரு நாள் இருந்து பார்த்தவர் அப்படி நினைக்கமாட்டார். ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் இரவில் நினைப்பார்.

## 4. இரண்டாம் வாசிப்பு: இரண்டு நிறத்தில்

இப்போது பென்சிலை எடுங்கள். பிள்ளை செய்ததும் சொன்னதும் ஒரு நிறத்தில். அதற்குப் பியாஜே கொடுத்த விளக்கம் மற்ற நிறத்தில். வேறொன்றுக்கும் கோடு வேண்டாம்.

ஏன் இந்தப் பிரிப்பு? அத்தியாயத்தில் இரண்டும் ஒரே வசனத்துக்குள் பின்னிக் கிடக்கும். சுருக்கும்போது விளக்கம் மட்டும் தப்பிப் பிழைக்கும், பிள்ளை காணாமல் போய்விடும். ‘பிள்ளையின் சிந்தனை தன்மைய நோக்குடையது’ என்ற வசனம் குறிப்பில் வந்துவிடும். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்பது வராது. வகுப்பறையில் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவது பிள்ளை செய்வதும் சொல்வதும்தான். அதைப் பார்த்து விளக்கத்துக்குப் போக அவருக்குத் தெரிய வேண்டும்.

கோடு போட்டு முடிந்ததும் ஒவ்வொரு பருவத்தையும் புரட்டிப் பாருங்கள். ஒரே நிறம் மட்டும் இருக்கும் பகுதி வந்தால் அங்கே நூல் உதாரணம் தராமல் போயிருக்கிறது. அந்த இடங்களை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் படியில் அங்கேதான் உங்கள் சொந்த உதாரணம் போகும்.

## 5. ஒரு பகுதியை முழுதாகச் செய்து பார்த்தல்: மாறாமை எண்ணக்கரு

நாலு பருவத்தையும் ஒரே மூச்சில் எழுதத் தொடங்காதீர்கள். ஒரு பகுதியை முதலில் முடித்து, அதையே மற்றப் பகுதிகளுக்கு அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். தோற்றம் மாறினாலும் அளவு மாறாது என்று விளங்கிக்கொள்வதாகிய மாறாமையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரண்டாம் பருவத்துக்கும் மூன்றாம் பருவத்துக்கும் நடுவில் உள்ள எல்லையே அதுதான். தரம் 1, 2, 3 பிள்ளைகள் அந்த எல்லையில்தான் நிற்கிறார்கள்.

புதிதாக எழுதுகிறவர்களின் குறிப்பு இப்படித்தான் வரும்:

> முன்செயற்பாட்டுப் பருவப் பிள்ளைக்கு மாறாமை எண்ணக்கரு இல்லை. இது 7 வயதில் ஏற்படும். (உ-ம்: தண்ணீர்ப் பரிசோதனை)

இதில் சொல்லப்பட்ட எதுவும் முழுப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை, பரிசோதனையின் முதல் படி காணாமல் போனது. பரிசோதனையில் பிள்ளைக்கு முன்னால் ஒரே அளவிலான இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் சமமாக இருக்கிறதா என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். ‘இதில கொஞ்சம் கூட’ என்று பிள்ளை சொன்னால், சமம் என்று பிள்ளை ஒப்புக்கொள்ளும் வரை ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒன்றை மட்டும் ஒடுங்கிய உயரமான பாத்திரத்துக்கு, பிள்ளை பார்த்திருக்க, மாற்ற வேண்டும். பிறகு அதே கேள்வி. சமம் என்று பிள்ளை ஏற்றுக்கொண்ட பிறகு ‘உயரமானதில கூட’ என்று சொன்னால்தான் அந்தப் பதிலுக்குப் பொருள் உண்டு. முதல் படியை விட்டுவிட்டால் பிள்ளை தொடக்கத்திலிருந்தே வித்தியாசம் இருப்பதாக நினைத்திருக்கலாம். பரிசோதனை எதையும் காட்டாது.

இரண்டாவது ஓட்டை, ‘ஏன்?’ என்ற கேள்வி விடுபட்டது. பியாஜேக்குப் பதிலைவிடக் காரணம் முக்கியம். மாறாமையை விளங்கிக்கொண்ட பிள்ளை மூன்று வகையில் காரணம் சொல்லும். ‘கூட ஊத்தவும் இல்ல, குறைக்கவும் இல்ல, அதே தண்ணிதான்’ என்பது ஒன்று. ‘இது உயரம், ஆனா ஒடுக்கம்’ என்பது இன்னொன்று. ‘திருப்பி ஊத்தினா முந்தி மாதிரியே வரும்’ என்பது மற்றது. இவற்றில் ஒன்றாவது வந்தால் பிள்ளை எல்லையைக் கடந்துவிட்டது. ‘சமம்’ என்று சொல்லிவிட்டுக் காரணம் கேட்டதும் தடுமாறுகிற பிள்ளை எல்லையிலேயே நிற்கிறது. இப்படியான பிள்ளைதான் தரம் 2இல் அதிகம் அகப்படும். குறிப்பில் அதற்கு ஓர் இடம் வேண்டும்.

மூன்றாவது ஓட்டை ‘7 வயதில்’ என்ற ஒற்றை எண். மாறாமை ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வந்துவிடுவதில்லை. எண்ணிக்கையில் முதலில் வரும், ஏறக்குறைய 6, 7 வயதில். களிமண், தண்ணீர் போன்றவற்றின் அளவில் 7, 8 வயதில். எடையில் 9, 10 வயதில். கன அளவில் 11, 12 வயதில். களிமண் உருண்டையைப் பாம்பு போல உருட்டினாலும் களிமண் அதேயளவு என்று சொல்லும் தரம் 3 பிள்ளை, எடை குறைந்துவிட்டது என்றும் சொல்லலாம். அது பிள்ளையின் கவனக்குறைவில்லை. நிறுத்தல் அளவை கற்பிக்கப்போகிற ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தால் அந்த இடத்தில் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் தராசைக் கையில் கொடுப்பார்.

இந்த மூன்றையும் அடைத்து எழுதினால் குறிப்பு இப்படி வரும்:

> மாறாமை. தோற்றம் மாறினாலும் அளவு மாறாது என்ற விளக்கம்.
>
> செய்வது: ஒரே மாதிரி இரு கிளாஸில் தண்ணீர். சமம் எனப் பிள்ளை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பிள்ளை பார்த்திருக்க ஒடுங்கிய போத்தலில் ஊற்றுதல். ‘இப்போது எதில் கூட, அல்லது சமமா? ஏன்?’
>
> பிள்ளை சொல்வது: (அ) ‘போத்தல்ல கூட, உயரமா இருக்கு’: மாறாமை இல்லை. (ஆ) ‘சமம்’, காரணம் இல்லை: இடைநிலை. (இ) ‘சமம், திருப்பி ஊத்தலாம் / கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல / உயரம் ஆனா ஒடுக்கம்’: மாறாமை உண்டு.
>
> பியாஜேயின் விளக்கம்: (அ) பிள்ளை உயரத்தை மட்டும் பார்க்கிறது, அகலத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஊற்றியதை மனதில் திருப்பிப் பார்க்கவும் முடிவதில்லை.
>
> வரும் ஒழுங்கு: எண்ணிக்கை, பின் அளவு, பின் எடை, பின் கன அளவு. சுமார் 6 வயது முதல் 12 வரை நீளும்.
>
> வகுப்பில்: தரம் 1, 2இல் சிப்பிகளை நெருக்கி வைத்தும் பரப்பி வைத்தும் எண்ணச் செய்தல். ‘நீளமான வரிசையில கூட’ என்ற பிள்ளையை எண்ணவிட்டு, தானே பொருத்திப் பார்க்கவிடுதல்.

பழைய குறிப்பைவிட இது பலமடங்கு நீளம் என்று முறைப்பாடு வரும். வரத்தான் செய்யும். நூலில் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடிய பகுதி அரைப் பக்கத்துக்குள் வந்திருக்கிறது, அதுவும் பிள்ளையோடு சேர்த்து. நீளத்தைக் குறைக்க வேண்டியது வேறு இடத்தில். அதை எட்டாம் படியில் பார்ப்போம்.

## 6. பரிசோதனையை மாற்றாதீர்கள், உதாரணத்தை மாற்றுங்கள்

குறிப்பை ஊர்மயமாக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நல்ல ஆசைதான். அதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

தனக்குத் தெரிவதே மற்றவருக்கும் தெரியும் என்று பிள்ளை நினைக்கும் தன்மைய நோக்குக்குப் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் செய்தது மூன்று மலைப் பரிசோதனை. மேசை மேல் மூன்று மலைகளின் உருவமைப்பு. ஒரு மலையில் பனி, ஒன்றில் சிலுவை, ஒன்றில் வீடு. பிள்ளை ஒரு பக்கத்தில் இருக்கும், பொம்மையை வேறொரு பக்கத்தில் வைப்பார்கள். பொம்மைக்கு என்ன தெரியும் என்று படங்களில் காட்டச் சொன்னால், சிறு பிள்ளை தனக்குத் தெரிவதையே காட்டும். ஒரு குறிப்பில் ‘பியாஜே கோணேசர் மலையை வைத்துப் பரிசோதித்தார்’ என்ற பாணியில் வந்திருந்தது. எழுதியவருக்கு நல்ல நோக்கம், ஆனால் பரீட்சையில் அப்படி எழுதினால் புள்ளி போகும்.

ஆகவே இரண்டு வரியாகப் பிரியுங்கள். ‘பரிசோதனை’ என்ற தலைப்பில் மூலத்தில் உள்ளது உள்ளபடி. ‘நம் பக்கத்தில்’ என்ற தலைப்பில் உங்கள் உதாரணம். ‘டச் பே பக்கமிருந்து பார்த்தால் கோணேசர் மலை ஒரு மாதிரித் தெரியும், பேக் பே பக்கம் போய்ப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். ஒரு பக்கமே பார்த்துப் பழகிய ஐந்து வயதுப் பிள்ளையிடம் மற்றப் பக்கத்தில் நிற்கும் மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.’ இப்படி எழுதினால் உதாரணமும் கிடைக்கும், மூலமும் கெடாது.

சில கருத்துகளுக்கு இந்த ஊர் நூலைவிட நல்ல உதாரணம் தரும். ஸ்கீமா, தன்மயமாக்கல், தன்னமைவாக்கல் என்ற மூன்றும் எப்போதும் குழப்பும் பகுதி. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் மனிதர் நடுவே மேய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் ஆட்டை மட்டுமே கண்ட இரண்டரை வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிப்போனால் மானைக் காட்டி ‘ஆடு!’ என்று சொல்லக்கூடும். நாலு கால், புல் மேய்கிறது, ஆகவே மனதில் ஏற்கெனவே உள்ள வகைக்குள், அதாவது ஸ்கீமாவுக்குள் போட்டுவிட்டது. அது தன்மயமாக்கல். ‘இது மான், பார், உடம்பில் புள்ளி’ என்று சொல்லிச் சொல்லி, ஆடு என்ற வகையைச் சுருக்கி மானுக்குப் புது வகை திறக்கும்போது அது தன்னமைவாக்கல். வாசிக்கிறவர் இரண்டையும் மாற்றிப் போட்டு எழுதும் பிழையை இந்த ஒரு உதாரணம் நிறுத்திவிடும். ஏனென்றால் முதலில் பிள்ளை மானை மாற்றுகிறது, பிறகு தன்னை மாற்றுகிறது என்ற ஒழுங்கு இதில் கண்ணுக்குத் தெரிகிறது.

தூல செயற்பாட்டுப் பருவத்தில் முழுமையும் பகுதியும் பற்றிய கேள்வி வரும். நூலில் பூக்களை வைத்திருப்பார்கள். நம் பக்கத்தில் மீன் வசதி. ஆறு சூடையும் இரண்டு பாரையும் படமாக வரைந்து ‘சூடை கூடவா, மீன் கூடவா?’ என்று கேட்பது. ‘சூடை’ என்று சொல்லும் பிள்ளை சூடையைப் பாரையோடுதான் ஒப்பிடுகிறது, சூடையும் மீனுக்குள்தான் அடங்கும் என்பதை அதே நேரத்தில் மனதில் வைத்திருக்க முடியவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: பிள்ளைக்கு இரண்டு மீனின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் அளப்பது சொல்லறிவை.

## 7. எழுதியதைச் செய்து பார்க்க வைத்தல்

மாறாமைப் பகுதி எழுதி முடிந்தவுடன், மற்றப் பகுதிகளுக்குப் போகுமுன், அத்தியாயத்தை வாசிக்காத சக பயிலுநர் ஒருவரிடம் அந்த அரைப் பக்கத்தைக் கொடுங்கள். கிளாஸ் இரண்டையும் போத்தலையும் முன்னால் வையுங்கள். ‘நான்தான் பிள்ளை. குறிப்பைப் பார்த்துச் செய்’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

அவர் சமமா என்று கேட்காமல் நேரே ஊற்றத் தொடங்கினால் உங்கள் ‘செய்வது’ வரி தெளிவில்லை. முதலிலேயே போத்தலில் ஊற்றி வைத்துக்கொண்டு கேட்டால் ‘பிள்ளை பார்த்திருக்க’ என்ற சொல் அவர் கண்ணில் படவில்லை, அதைத் தடித்த எழுத்தாக்குங்கள். நீங்கள் வேண்டுமென்றே ‘சமம், ஆனா ஏனெண்டு தெரியாது’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் குறிப்பில் (ஆ)வைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கலாம்.

‘விளங்கியதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஓம், விளங்கிற்று’ என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் தண்ணீர்.

## 8. மற்றப் பகுதிகள், வெட்டுதல்

அச்சு சரியென்றால் மற்றப் பகுதிகளை அதே தலைப்புகளில் எழுதுங்கள்: செய்வது, பிள்ளை சொல்வது, பியாஜேயின் விளக்கம், வகுப்பில்.

புலனியக்கப் பருவத்தில் ஆறு உபபருவங்களையும் ஒரே வரியில் சொல்லி, பொருள் நிலைபேற்றை மட்டும் விரியுங்கள். விளையாட்டுப் பொருளைத் துணியால் மூடினால் ஐந்து மாதக் குழந்தை தேடாது, எட்டு மாதத்துக்குப் பிறகு துணியை இழுத்துத் தேடத் தொடங்கும் என்பது போதும். ஆரம்பக்கல்விப் பயிலுநருக்கு இதற்கு மேல் பரீட்சைக்கும் தேவையில்லை, வகுப்புக்கும் தேவையில்லை.

நியம செயற்பாட்டுக்கு ஊசல் பரிசோதனை ஒன்றை வைத்தால் போதும். நூலின் நீளம், கல்லின் எடை, விடும் உயரம், தள்ளும் விசை என்ற நான்கில் ஊசல் ஆடும் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். விடை நூலின் நீளம். தரம் 4 பிள்ளை நூலையும் கல்லையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு முடிவு சொல்லும். இந்தப் பருவத்தை எட்டியவர் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருப்பார். எல்லோரும் எல்லாப் பாடத்திலும் இந்த நிலைக்கு ஒரே வயதில் வருவதில்லை என்பதைப் பியாஜேயே 1972இல் ஏற்றுக்கொண்டு எழுதினார். அதை ஒரு வரியில் சேருங்கள்.

வெட்டும்போது முதலில் போக வேண்டியது வாழ்க்கை வரலாறு. பிறந்த ஊர், படித்த படிப்பு, மெல்லுடலிகள் பற்றிய ஆய்வு எல்லாம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அடுத்தது, ஒரே கருத்துக்கு நூல் தந்த இரண்டாம் மூன்றாம் உதாரணங்கள். ‘சுமார்’, ‘பெரும்பாலும்’ என்ற சொற்களை மட்டும் வெட்டக் கூடாது. பியாஜே உறுதியாகச் சொன்னது பருவங்கள் வரும் ஒழுங்கை. வயதை அவர் அண்ணளவாகவே சொன்னார். ‘சுமார்’ போய்விட்டால் குறிப்பு சொல்வது வேறொரு கோட்பாடாகிவிடும். ஏழு வயதில் மாறாமை வராத பிள்ளையை ‘பின்தங்கியவர்’ என்று பதிவேட்டில் எழுதும் ஆசிரியர் அந்தக் குறிப்பிலிருந்துதான் வருவார்.

## 9. விமர்சனத்தைக் கடைசிப் பக்கத்தில் தள்ளாதீர்கள்

நூலில் விமர்சனம் அத்தியாய முடிவில் தனித் தலைப்பில் இருக்கும். குறிப்பிலும் அப்படியே கடைசியில் வைத்தால் வாசிக்கிறவர் அதைத் தனியாக மனனம் செய்வார். எந்தப் பரிசோதனைக்கு எதிராக என்பது தெரியாமலே ‘பியாஜே பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிட்டார்’ என்று எழுதுவார்.

ஆகவே ஒவ்வொரு விமர்சனத்தையும் அது எந்தப் பரிசோதனையைத் தொடுகிறதோ அதற்கு அடியில் வையுங்கள். மூன்று மலைக்கு அடியில் மார்ட்டின் ஹியூஸ். அவர் மலையை விட்டுவிட்டு, பொலிஸ்காரப் பொம்மைகளின் கண்ணில் படாமல் சிறுவன் பொம்மையை ஒளித்து வைக்கச் சொன்னார். நாலு வயதுக்கும் குறைந்த பிள்ளைகளில்கூடப் பெரும்பாலானோர் சரியாக ஒளித்தார்கள். ஒளிந்து விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அந்தக் கேள்வி விளங்கியது. மலைப் படம் விளங்கவில்லை.

மாறாமைக்கு அடியில் மக்கரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் 1974இல் செய்தது. சம எண்ணிக்கையில் பொருள்கள் வைத்த இரண்டு வரிசையில் ஒன்றை ஆய்வாளர் நீட்டாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து கலைத்துவிட்டதாகக் காட்டினார்கள். அப்போது கூடுதலான பிள்ளைகள் ‘சமம்’ என்றார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதல் பதில் பிழையோ என்று பிள்ளை யோசிக்கிறது. நம் வகுப்பறையில் இது இன்னும் கூர்மை. டீச்சர் இரண்டாம் முறை கேட்டாலே பதிலை மாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். ‘வகுப்பில்’ என்ற வரியில் இதைச் சேருங்கள்: சிப்பியை நீங்கள் பரப்பாமல் பக்கத்துப் பிள்ளையைக் கொண்டு பரப்பச் செய்யுங்கள்.

இப்படி வைக்கும்போது பக்கப் பங்கீடு கொஞ்சம் குழம்பும், மாறாமை ஒரு முழுப் பக்கத்தைத் தொடும். அப்போது முதல் பருவத்திலிருந்து நாலு வரியை எடுத்துவிடுங்கள்.

## 10. கடைசிச் சரிபார்ப்பு

முழுக் குறிப்பையும் எழுதி முடித்த அன்றே பகிர வேண்டாம். மறுநாள் அத்தியாயத்தைத் திறந்து, குறிப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் அதோடு ஒப்பிடுங்கள். பருவ வயதுகள் பத்திரமாக இருக்கும். பிழை வருவது மாதங்களிலும் ஆய்வாளர் பெயர்களிலும்தான். இன்ஹெல்டர் செய்ததைப் பியாஜே தனியாகச் செய்ததாக எழுதுவது, ஹியூஸ் செய்ததை டொனால்ட்சன் செய்ததாக எழுதுவது வழக்கமான இரண்டு. டொனால்ட்சன் தன் நூலில் ஹியூஸின் ஆய்வை விவரித்ததால் இந்தக் குழப்பம் வருகிறது.

அப்புறம் சொற்பட்டியலோடு ஒரு முறை. பட்டியலில் இல்லாத கலைச்சொல் குறிப்பில் எங்காவது தலைகாட்டினால் வட்டம் போடுங்கள். அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அல்லது சாதாரணச் சொல்லில் எழுத வேண்டும்.

கடைசியாக, பரீட்சை வினா ஒன்றை எடுத்து நூலைப் பார்க்காமல் உங்கள் குறிப்பிலிருந்து மட்டும் விடை எழுதிப் பாருங்கள். ‘தூல செயற்பாட்டுப் பருவத்தின் இயல்புகளை விளக்கி, தரம் 3 கணித பாடத்தில் அவற்றை எவ்வாறு பயன்படுத்துவீர் எனக் காட்டுக’ என்ற மாதிரியான வினாவாக இருக்கட்டும். முதல் பாதிக்கு விடை தாராளமாக வந்து, ‘எவ்வாறு பயன்படுத்துவீர்’ என்ற இடத்தில் பேனா நின்றால், ‘வகுப்பில்’ என்ற வரிகள் இன்னும் மெலிவாக இருக்கின்றன. ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த வரிகளை மட்டும் நிரப்பிவிட்டுப் பிரதி எடுக்கக் கொடுங்கள்.